யாழினி எப்படி Yalini ஆனாள்: மும்பையில் ஒரு பெயரைத் திருத்தும் வழி

*மும்பையில் இருக்கிறோம். மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு, மகாராஷ்டிர மாநில போர்டு. பிறப்புச் சான்றிதழில் Yazhini Senthilkumar Murugesan. ஆதாரில் Yazhini S. பள்ளியில் Yalini Senthil Kumar Murugesan. என் பெயரும் Kavitha, Kavita என்று இரண்டு விதமாக இருக்கிறது. அடுத்த வருடம் பத்தாவது. எதை வைத்து எதைத் திருத்துவது? கெஜட் போட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?*

கெஜட் வேண்டாம். முதலில் அந்தக் கவலையை விடுங்கள். உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது பெயர்த் திருத்தம், பெயர் மாற்றம் அல்ல. மாநில அரசிதழில் வருவது "இதுவரை இன்ன பெயரில் அறியப்பட்ட நான் இனி இன்ன பெயரில் அறியப்படுவேன்" என்ற அறிவிப்பு. அதைக் கொடுத்துவிட்டால், Yalini என்ற பெயரில் ஒரு பெண் உண்மையிலேயே இருந்தாள் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். பிறகு வாழ்நாள் முழுக்க அவள் இரண்டு பெயரையும் சுமந்து, கூடவே அரசிதழ்ப் பக்கத்தையும் சுமக்க வேண்டியிருக்கும். பிறந்தபோதே சரியாகப் பதிவான பெயர் கையில் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

செம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சேர்க்கைப் படிவத்திலிருந்து பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும், பத்தாவது முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு எல்.சி. என்னும் பள்ளி விடுப்புச் சான்றிதழ் எழுதுவதும் என் வேலை. தமிழ்ப் பிள்ளைகளின் பெயர் எந்த இடத்தில் உடைகிறது என்பதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

தவறு எப்படி நுழைந்தது என்று தெரிந்தால் அதை எங்கே போய்த் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மும்பையில் ஒரு தமிழ்ப் பெயர் இரண்டு வழியில் தேவநாகரிக்குப் போகிறது. ஒன்று காது வழி. நீங்கள் "யாழினி" என்று சொல்கிறீர்கள். மராத்தி பேசும் எழுத்தருக்கு ழகரம் கிடையாது. அவர் காதில் அது ளகரமாக விழுகிறது, மராத்தியில் ள உண்டு என்பதால் याळिनी என்று எழுதுகிறார். இன்னொன்று எழுத்து வழி. யாரும் எதையும் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் Yazhini என்று எழுதியிருப்பதைக் கணினி மாற்றுகிறது. நாம் ழகரத்துக்கு எழுதும் zh அதற்குத் தெரியாது. அதற்கு zh என்றால் झ. ஆகவே याझिनी. கனிமொழி என்ற பெயர் இந்திச் செய்தித்தாள்களில் कनिमोझी என்று வருவதும் இதே காரணத்தால்தான்.

இதோடு நின்றால் பெரிய தொல்லை இல்லை. தேவநாகரியிலிருந்து மறுபடி யாரோ ஒருவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போதுதான் பெயர் மொத்தமாக மாறிப்போகிறது:

```
காது வழி  : யாழினி → याळिनी → Yalini
எழுத்து வழி: Yazhini → याझिनी → Yajhini / Yazini
```

பள்ளியில் Yalini என்று இருப்பதிலிருந்தே, அங்கே யாரோ காதால் கேட்டு அல்லது தேவநாகரியைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சான்றிதழின் ஆங்கில வரியைப் பார்த்து எழுதியிருந்தால் Yalini வந்திருக்க வழியே இல்லை. இது உங்களுக்குச் சாதகமான தடயம். தவறு பெற்றோர் எழுதிக் கொடுத்ததா, பள்ளியில் ஏற்பட்டதா என்பதுதான் பின்னால் வரும் முதல் கேள்வி.

Kavitha, Kavita கதையும் இதே குடும்பம்தான். தகரத்துக்கு நாம் தெற்கே th போடுகிறோம். வடக்கிலும் மராத்தியிலும் t என்றாலே त. Th என்று எழுதினால் அது थ. உங்கள் பெயரைக் கேட்ட எழுத்தருக்கு அது அவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் कविता. அதை அவர் ஆங்கிலத்தில் எழுதும்போது இயல்பாகவே h போய்விடுகிறது. லலிதா, கீதா, சுனிதா எல்லாருக்கும் இங்கே இதுதான் நடக்கிறது. அவர்கள் எழுதியது தவறும் அல்ல, அவர்கள் ஊர் வழக்கம் அது. ஆனால் உங்கள் தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் Kavitha என்று இருந்தால், கணினிக்கு அது வேறொரு பெண்.

உங்கள் கணவர் பெயரில் இன்னொரு பொறி இருக்கிறது. செந்தில் என்பதில் உள்ள தகரம் மெல்லினத்துக்குப் பின்னால் வருவதால் ஒலி மாறுகிறது. காதால் கேட்பவர் सेंदिल என்று எழுதுவார், அது Sendil ஆகும். உங்களுக்கு அது நடக்கவில்லை, ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது: Senthilkumar என்ற ஒரே சொல் பள்ளியில் Senthil Kumar என்று இரண்டாகிவிட்டது. பார்ப்பதற்கு இது அற்பமாகத் தெரியும். ஆதாரோடு பெயரை ஒப்பிடும் முறையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது ஒரு வகை, பகுதியாக ஒப்பிடுவது இன்னொரு வகை. பகுதியாக ஒப்பிடும்போது சொற்களின் வரிசை முன்பின்னாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுச் சொல்லாகப் பொருந்த வேண்டும். Senthilkumar என்பதற்கு Senthil-உம் பொருந்தாது, Kumar-உம் பொருந்தாது. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அங்கே இரண்டு சொல் தவறு. எனவே இடைவெளியையும் ஓர் எழுத்தாகவே எண்ணிப் பாருங்கள்.

சரி, எதை வைத்து எதைத் திருத்துவது?

பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதுதான் மூத்த ஆவணம் என்பது மட்டும் காரணம் அல்ல. மற்ற இரண்டு இடத்திலும் திருத்தம் கேட்டால் ஆதாரமாக அதைத்தான் கேட்பார்கள். உங்கள் நல்ல காலம், மகளின் பெயர் அதில் சரியாக இருக்கிறது. மும்பையின் மூன்று கட்ட வழக்கத்துக்கும் அது பொருந்துகிறது: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் மூன்றாம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொன்று எழுதிவிடுகிறோம். உங்கள் வீட்டில் தாத்தா பெயரை வைத்திருக்கிறீர்கள், அதையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வரும், Murugesan Yazhini Senthilkumar என்று. அதைப் பார்த்துப் பதறி மாற்றச் சொல்லாதீர்கள், அது போர்டின் வரிசை.

ஆனால் அந்தச் சான்றிதழில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது? Kavita என்று இருந்தால் முதல் வேலை அங்கேதான். ஏனென்றால் மகாராஷ்டிர போர்டின் மதிப்பெண் பட்டியலில் அம்மா பெயரும் அச்சாகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் பெற்றோர் பெயர் கேட்பார்கள். உங்கள் பெயர் உங்கள் சொந்த ஆவணங்களில் எப்படி இருக்கிறது என்று முதலில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழ், பான், பாஸ்போர்ட் இவற்றில் Kavitha என்று இருந்து, வங்கிக் கணக்கு போல ஒன்றிரண்டில் மட்டும் Kavita என்றால் Kavitha-வைப் பிடித்துக்கொள்ளுங்கள். வங்கியில் மாற்றுவது சுலபம், பள்ளிச் சான்றிதழை மாற்றுவது அப்படி அல்ல.

பிறப்புப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வழி செய்கிறது. மாநகராட்சி வார்டு அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தை பிறந்த மருத்துவமனை எந்த வார்டில் இருந்ததோ அந்த வார்டு. நீங்கள் இப்போது குடியிருக்கும் வார்டு அல்ல. பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்துவார்கள், அதன் பிறகு எடுக்கும் பிரதியில் புதுப் பெயர் வரும். உங்கள் பெயருக்கு ஆதாரமாகக் கொடுக்கும் ஆவணம் மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கியதாக இருந்தால் வேலை எளிது. பிறந்தபோதே அம்மாவின் பெயர் இதுதான், பதிவு செய்தவர் தவறாக எழுதினார் என்பதை அது தானே சொல்லிவிடும். பிற்பாடு வாங்கிய ஆவணத்தைக் காட்டினால், நடுவில் பெயரை மாற்றிக்கொண்டீர்களா என்ற கேள்வி வரும்.

அதே விண்ணப்பத்தில் தேவநாகரி வரியையும் பார்த்துவிடுங்கள். மும்பைச் சான்றிதழ் இரண்டு எழுத்திலும் வரும். அங்கே याझिनी என்று இருந்தால் याळिनी என்று கேளுங்கள். ழகரத்துக்கென்றே தேவநாகரியில் ऴ என்று புள்ளி வைத்த எழுத்து யூனிகோடில் இருக்கிறது, உண்மைதான். எனக்கும் அதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் அரிது, அடுத்த அலுவலகத்தில் அதைப் பார்த்துப் படி எடுப்பவர் புள்ளியை விட்டுவிடுவார். மராத்தியில் ஏற்கெனவே நன்றாகப் புழங்கும் ळ நம் ழகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, அது நிலைக்கும்.

இப்போது பள்ளி. இதுதான் உங்கள் விஷயத்தில் நேரம் தின்னும் இடம், கால எல்லை உள்ள இடமும் இதுதான்.

மகாராஷ்டிரப் பள்ளிகளில் ஜெனரல் ரெஜிஸ்டர் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஒரு எண், ஒரு வரி. போர்டுக்குப் போகும் பெயர், எல்.சி.யில் வரும் பெயர், எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் போகின்றன. வகுப்பு ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் திருத்திக் கொடுத்தால் அது எதையும் திருத்தாது. பெற்றோர் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டீச்சர் "சரி செய்துவிட்டேன்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார், முன்னேற்ற அட்டையில் புதுப் பெயரும் வந்துவிடும். ஆனால் ஜெனரல் ரெஜிஸ்டரில் பழைய பெயரே இருக்கும், பத்தாவதில் அது வெளியே வரும்.

ஆகவே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு, அந்த வரியையும் நீங்கள் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தையும் பாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் Yazhini என்று நீங்கள் எழுதியிருந்து பதிவேட்டில் Yalini ஆகியிருந்தால், தவறு படி எடுத்ததில். படிவத்திலேயே Yalini என்று இருந்தால், அல்லது எழுதியவர் தெரியவில்லை என்றால், பிறப்புச் சான்றிதழ்தான் உங்கள் பலம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மகள் முதல் வகுப்பிலிருந்து இதே பள்ளியா, அல்லது வேறு தொடக்கப் பள்ளியிலிருந்து எல்.சி. வாங்கி வந்தவளா? வேறு பள்ளி என்றால், இப்போதைய பள்ளி அந்த எல்.சி.யைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கும். எல்.சி.யில் உள்ளதை மாற்றி எழுத இவர்களுக்கு உரிமை இல்லை, அதைக் கொடுத்த பள்ளிதான் திருத்த முடியும். அப்படியானால் நீங்கள் முதலில் போக வேண்டியது பழைய பள்ளிக்கு. அங்கே திருத்திய எல்.சி. வாங்கி வந்து, பிறகு இங்கே. இது தெரியாமல் ஒரு தகப்பனார் எட்டு மாதம் எங்கள் அலுவலகத்துக்கே நடந்தார். அவரை முதல் நாளே பழைய பள்ளிக்குப் போகச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. நாங்கள் சொன்னபோது அந்த வருடத்துப் பரீட்சைப் படிவம் போய்விட்டிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனது கேட்பதில்லை.

ஜெனரல் ரெஜிஸ்டரில் பெயரைத் திருத்தத் தலைமை ஆசிரியர் தன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. அவர் ஒரு முன்மொழிவு தயாரித்து, மும்பையில் எஜுகேஷன் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகுதான் பதிவேட்டில் சிவப்பு மையால் திருத்தி, ஒப்புதல் எண்ணையும் தேதியையும் பக்கத்தில் எழுதுவார். நீங்கள் கொடுக்க வேண்டியவை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய எல்.சி. இருந்தால் அது, கேட்டால் ஓர் அஃபிடவிட். அஃபிடவிட் எழுதும்போது நோட்டரியிடம் கவனம் வேண்டும். அவர் கையில் தயாராக இருக்கும் வாசகம் "பெயரை மாற்றிக்கொண்டேன்" என்பதாக இருக்கும். "பிறப்புச் சான்றிதழில் உள்ள Yazhini Senthilkumar Murugesan-உம், பள்ளிப் பதிவேட்டில் Yalini Senthil Kumar Murugesan என்று பிழையாக எழுதப்பட்டிருப்பவரும் ஒருவரே" என்று எழுதச் சொல்லுங்கள். மாற்றம் என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது.

இதையெல்லாம் பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே முடிக்க வேண்டும். எல்.சி. வாங்கிக்கொண்டு வெளியேறிய பிறகு பதிவேட்டைத் திருத்துவது மிகவும் கடினம், வெளிப்படையான எழுத்துப் பிழை என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் கேட்கிறீர்கள் பாருங்கள், அது நல்லதாகப் போயிற்று.

பள்ளி வேலை நடக்கும்போதே ஆதாரையும் பார்க்கலாம், அது இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. Yazhini S என்பதில் எழுத்துப்பிழை கிடையாது. நம் ஊர் வழக்கப்படி சரியான பெயர். ஆனால் இங்கே இனிஷியல் வேலை செய்யாது. S என்ற ஒரு எழுத்து Senthilkumar-க்கு ஒப்பாகாது, Murugesan வேறு இல்லை. கூடவே தேவநாகரி வரியைப் பாருங்கள், याझिनी एस என்று இருக்கும். கணினி அந்த இனிஷியலையும் பெயராக எண்ணி "எஸ்" என்றே எழுதிவிடுகிறது. பாஸ்போர்ட்டுக்கும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். ஒரு முறையை அரைகுறைப் பெயருக்குச் செலவழித்துவிடாதீர்கள். 15 வயது ஆனதும் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிப்பது கட்டாயம், அந்த வயது நெருங்குகிறது என்றால் இரண்டையும் ஒரே போக்கில் முடிக்கலாம். புதிய பிறப்புச் சான்றிதழ் பிரதி கையில் வந்த பிறகு போவது நல்லது. அங்கே ஆங்கிலப் பெயரை ஆபரேட்டர் அடித்ததும் மராத்தி வரி தானாக நிரம்பும், மறுபடி याझिनी என்றுதான் வரும். அது தானாக வந்தது, மாற்ற முடியாது என்று சொல்லக்கூடும். மாற்ற முடியும். உங்கள் பக்கம் திருப்பி வைத்த திரையில் இரண்டு வரியையும் படியுங்கள். याळिनी सेंथिलकुमार मुरुगेसन என்று ஒரு தாளில் முன்பே எழுதி எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்துவிட்டால் வாக்குவாதமே வராது. நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது இதுதான்: பெயரை வாயால் சொல்லாதீர்கள், தாளில் இரண்டு எழுத்திலும் எழுதிக் கொடுங்கள். காது வழியும் கணினி வழியும் இரண்டும் ஒரேயடியாக அடைபட்டுவிடும்.

ஆதாரும் ஜெனரல் ரெஜிஸ்டரும் ஒன்றான பிறகு, பள்ளி அலுவலகத்தில், அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ் பதிவில் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அபார் என்னும் மாணவர் அடையாள எண் உருவாக்கும்போது அந்தப் பதிவையும் ஆதாரையும்தான் ஒப்பிடுகிறார்கள். இதுவரை அவளுக்கு அந்த எண் கிடைக்காமல் "பெயர் பொருந்தவில்லை" என்று வந்திருந்தால் காரணம் இதுவே.

கடைசியாக ப்ரீ-லிஸ்ட். பத்தாவதில் பரீட்சைப் படிவம் அனுப்பிய பிறகு, போர்டிடமிருந்து பள்ளிக்கு ஒரு முன்பட்டியல் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பில் அவசரமாகச் சுற்றுக்கு விடுவார்கள், பிள்ளைகள் தங்கள் பெயரைக் கண்டதும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். யாழினியிடம் ஒரு சின்னத் தாள் கொடுத்து அனுப்புங்கள். அதில் சரியான மூன்று சொல், உங்கள் பெயர் Kavitha, பிறந்த தேதி. எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்து, Senthilkumar ஒரே சொல்லாக இருக்கிறதா என்றும் பார்த்த பிறகு கையெழுத்து. தவறு இருந்தால் அந்த வரியிலேயே திருத்தி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் பள்ளியே திருத்தி அனுப்பிவிடும். அதைத் தாண்டி மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்துவிட்டால், பள்ளி மூலம் வாஷியில் இருக்கும் மும்பைக் கோட்ட போர்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் அவர்கள் முதலில் கேட்பது ஜெனரல் ரெஜிஸ்டரின் அந்த வரியின் நகலைத்தான்.